ரோட்டா சொட்டும் ஜிங்க் மாத்திரையும்: எந்த வயதுக்கு எது?

திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளைச் சுற்றியுள்ள வாடகை அறைகளிலும் வெளிமாநிலக் குடும்பங்கள்தான் நெருக்கியடித்து வாழ்கின்றன. அவர்களோடு வரும் கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வராமல் தடுக்க ரோட்டா சொட்டு மருந்தும், வந்தபின் கொடுக்க ஜிங்க் மாத்திரையும் நம் பொது சுகாதாரத்திடம் இருக்கும் ஆயுதங்கள். இரண்டும் இலவசம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். ஆனால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

சொட்டு மருந்தை முதலில் எடுத்துக்கொள்வோம். டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் நடந்த ரோட்டாவாக் சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கில் பாதிக்குச் சற்று மேல் அது தடுத்தது. 2016 முதல் அரசுத் திட்டத்தில் கொடுக்கத் தொடங்கிய பிறகு ஒன்பது மாநில மருத்துவமனைகளில் கணக்கெடுத்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 54 சதவீதம். சோதனையில் காட்டிய பலனை நடைமுறையிலும் காட்டிய மருந்துகள் அதிகமில்லை. அந்த வகையில் இது நம்பகமானது. குடல் செருகல் வருமோ என்ற அச்சத்துக்கும் இந்தியாவில் நடந்த ஆய்வு ஆதாரம் காணவில்லை.

ஆனால் பாதி என்பது ரோட்டாவில் பாதி. சொட்டு மருந்து வருவதற்கு முன்பு, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு ரோட்டா இருந்தது. எல்லாருக்கும் மருந்து போனாலும் குறைவது இருபது. மீதி எண்பதில் இருபது, மருந்துக்குத் தப்பிய ரோட்டா; அறுபதுக்கு வேறு கிருமிகளும் அழுக்குத் தண்ணீரும் பொறுப்பு.

இந்த இருபதும் கிடைக்க வேண்டுமானால் மருந்து காலத்தோடு போய்ச் சேர வேண்டும். வேலூரில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஆறு மாதம் முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளை ரோட்டா தொட்டுவிட்டது. 6, 10, 14 வாரம் என்று அட்டவணையில் எழுதியிருப்பதன் பொருள் இதுதான். பலாங்கிரில் நவம்பர் தொடக்கத்தில் பிறந்த ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். டிசம்பர் நடுவில் முதல் தவணை ஊரிலேயே கிடைக்கும். ஜனவரியில் குடும்பம் சூளைக்குக் கிளம்பும். இரண்டாவது தவணை ஜனவரி பாதியிலும், மூன்றாவது பிப்ரவரி பாதியிலும் வரும். இரண்டும் திருவள்ளூரில்தான் விழுகின்றன. அந்தக் குழந்தையின் பெயர் நம் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் இல்லை. அட்டை ஒடியாவில் இருக்கிறது, அல்லது ஊரிலேயே தங்கிவிட்டது. ஜூனில் ஊர் திரும்பிய பின் மிச்சத் தவணைகளைக் கொடுப்பதை விதி அனுமதிக்கிறது. ஆனால் அதற்குள் ஏழு மாதம் கடந்து, ஆபத்தான காலத்தில் பெரும்பகுதி அரைகுறைக் காப்போடு கழிந்துவிடும்.

அதே குழந்தைக்கு நான்காம் மாதத்தில் பேதி வந்தால் ஜிங்க் காப்பாற்றுமா? இங்கேதான் சான்று கைவிடுகிறது. பல சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு, ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஜிங்க் நோயை ஏறக்குறைய அரை நாள் சுருக்குவதாகவும், ஊட்டம் குறைந்தவர்களுக்கு ஒரு நாளுக்குச் சற்று மேல் சுருக்குவதாகவும் கண்டது. ஆறு மாதத்துக்குக் குறைந்தவர்களிடம் பலன் தெரியவில்லை. அவர்களுக்கும் அரை மாத்திரை கொடுக்கச் சொல்கிறது நம் திட்டம். அதனால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பித் தாய்ப்பாலையும் ஓஆர்எஸ் கரைசலையும் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து. உயிரைக் காப்பது இழந்த நீரை ஈடுசெய்வதுதான்.

ஆறு மாதம் கடந்த, மெலிந்த சூளைக் குழந்தைக்கோ ஜிங்க் உண்மையிலேயே உதவும். 20 மில்லிகிராம் மாத்திரையை ஒரு கரண்டி காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து நாளுக்கு ஒன்றாக 14 நாள் கொடுக்க வேண்டும். இங்கே தடங்கல் வாந்தி. இந்தியாவிலும் தான்சானியாவிலும் 4,500 குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளியான சோதனையில், 5, 10 மில்லிகிராம் கொடுத்தபோதும் நோய் நீடித்த நாள்கள் குறிப்பிடும்படி கூடவில்லை. வாந்தி மட்டும் குறைந்தது. மாத்திரையைக் குழந்தை கக்குகிறது, மூன்றாம் நாள் பேதியும் நிற்கிறது. பிறகு எந்தத் தாய் பதினான்காம் நாள்வரை கொடுப்பார்? அளவைக் குறைப்பதற்கான சான்று கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும்.

என் தீர்ப்பு இது: ஆறு மாதம்வரை சொட்டு மருந்தே முதன்மை. ஜிங்க் அதற்குப் பிந்தைய வயதுக்கான துணை மருந்து, ஓஆர்எஸ்ஸுக்கு மாற்று அல்ல. திருவள்ளூரில் புதிதாக ஒரு ரூபாய் செலவிடுவதானால், அதைச் சூளைகளிலும் சிப்காட் குடியிருப்புகளிலும் ஜனவரி முதல் மார்ச்வரை கைக்குழந்தைகளைத் தேடிப் பதிவு செய்து, அட்டை இல்லாவிட்டாலும் அடுத்த தவணையைக் கொடுக்கும் வேலைக்குச் செலவிட வேண்டும்.