தாத்தாவுக்கு ஒரு வீடியோ

ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு மூச்சிரைப்பு. டாக்டர் இன்ஹேலரும் அதோடு சேர்த்து ஸ்பேசர் குழாயும் எழுதிக் கொடுக்கிறார். எப்படி இழுப்பது என்று ஒருமுறை காட்டவும் செய்கிறார். வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துபோகிறது. சென்னையிலிருந்து பேத்தி ஒரு வீடியோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறாள். பெரியவர்களுக்கு வீடியோ செய்கிற எல்லோரும் நம்பும் இரண்டு விதிகளை அவளும் பின்பற்றுகிறாள்: எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், படம் மெதுவாக ஓட வேண்டும். இரண்டும் நியாயமானவைதான். ஆனால் பழைய சின்ன போனுக்குள் போனதும் இரண்டுமே எதிர்பாராத விலை கேட்கின்றன.

முதலில் எழுத்து. ஐந்து அங்குல போனின் திரை ஏறத்தாழ 6 செ.மீ. அகலம், 11 செ.மீ. உயரம். வீடியோவைப் படுக்கைவாட்டில் எடுத்திருந்தால், தாத்தா போனை நிமிர்த்திப் பிடித்திருக்கும்போது (பெரும்பாலும் அப்படித்தான் பிடிப்பார், திருப்ப மாட்டார்) படத்தின் உயரம் மூன்றரை செ.மீ.தான். அதில் “மூச்சை வெளியே விடுங்கள்” என்று அரை செ.மீ. எழுத்தில் போட்டால் ஒரு வரி முழுதும் நிரம்பிவிடும். தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வேறு இடம் கேட்கும். இரண்டு வரி போட்டால் பாதிப் படம் போயிற்று. மறைகிற பாதியில்தான் பெரும்பாலும் விரல் இருக்கும், விரலைத்தான் தாத்தா பார்க்க வேண்டும்.

போனை நிமிர்த்தி வைத்தே எடுத்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடுகிறது. மேலே எழுத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை, கீழே முழுக்கக் கையும் இன்ஹேலரும். எழுத்தைக் கீழே வைப்பது தவறு. திரையில் விரல் பட்டவுடன் ஓட்டப் பட்டை அங்கேதான் எழும்பி அதை மூடும். நிறத்திலும் கவனம் வேண்டும். கண்ணில் புரை விழுந்தவருக்கு வெளிர்நிறச் சுவரின் மேல் வெள்ளை எழுத்து கரைந்துபோகும், நீலமும் மங்கும். கறுப்பின் மேல் மஞ்சள் நிற்கும். நகர்ந்து ஓடும் எழுத்தை அறவே விட்டுவிடலாம். வாட்ஸப் வீடியோவைச் சுருக்கும்போது முதலில் குழம்புவது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குரல் சொல்வதையெல்லாம் எழுத்திலும் போடுவது வீண் வேலை. கண் எழுத்தைத் துரத்தும் நேரத்தில் விரல் என்ன செய்தது என்பது தவறிப்போகும். காது மந்தமானவருக்கு மட்டும் இது பொருந்தாது. மற்றவர்களுக்கு, காதால் கேட்டு நினைவில் நிறுத்த முடியாததை மட்டும் எழுதினால் போதும்: காலை 2, இரவு 2.

மெதுவான ஓட்டம்தான் இதில் சிக்கலானது. பேத்தி எடிட்டிங் செயலியில் படத்தின் வேகத்தைப் பாதியாக்குகிறாள். இன்ஹேலரை அழுத்துவது ஒரு நொடிக்கும் குறைவான வேலை, அழுத்தியதும் மூச்சு உள்ளே போக வேண்டும். வேகத்தைக் குறைத்தால் ஒட்டியே நடக்க வேண்டிய இரண்டும் தனித்தனி வேலைகளாகத் தெரிகின்றன. தாத்தா அழுத்துகிறார், காத்திருக்கிறார், பிறகு இழுக்கிறார். ஸ்பேசர் இருப்பதால் கொஞ்சம் மன்னிப்பு உண்டு. அதில்லாமல் நேராக வாயில் வைப்பவருக்கு மருந்தில் பெரும்பகுதி வாயிலேயே தங்கிவிடும்.

நிதானம் வேண்டிய இடம் வேறு. இழுத்த மூச்சைப் பத்து நொடி அடக்க வேண்டும். வீடியோ செய்பவர்கள் அந்தப் பத்து நொடியை ‘சும்மா இருக்கிறதே’ என்று வெட்டிவிடுகிறார்கள்! அதை முழுதாக விட்டு, குரல் ஒன்று, இரண்டு என்று எண்ணினால் தாத்தாவும் கூடவே அடக்குவார். அடுத்த அழுத்தத்துக்கு முன் அரை நிமிடமாவது காத்திருப்பதும் அப்படியே முழுதாக இருக்கட்டும். அதாவது செயல் அதன் வேகத்தில் நடக்க வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இடைவெளி கிடைக்க வேண்டும்.

இதனால் வீடியோ நீளும். நீண்ட வீடியோவில் நடுவில் ஓரிடத்தைத் தேடிப்பிடிக்க தடித்த விரலால் முடியாது, பழைய போனில் இடமும் இருக்காது. மூன்று துண்டாக அனுப்புவதே மேல்: குலுக்கிப் பொருத்துவது, இழுப்பது, முடிந்தபின் வாய் கொப்பளிப்பது. தினமும் போட்டுப் பார்க்க வேண்டியிருப்பது நடுத்துண்டு மட்டும்தான்.

“புரிஞ்சுதா தாத்தா?” என்று கேட்டால் “புரிஞ்சுதும்மா” என்றுதான் பதில் வரும். அத்தையிடம் சொல்லி, தாத்தா வீடியோ பார்த்துக்கொண்டே இழுப்பதைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். ஒரு கையில் போன், மறு கையில் இன்ஹேலர் என்றால் வீடியோ எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. போனைச் சாய்த்து நிறுத்த ஒரு செம்பு வேண்டும்.

வீடியோவுக்கு எட்டாத ஒன்றும் இருக்கிறது. குப்பியில் மருந்து தீர்ந்த பிறகும் அழுத்தினால் புகை போல ஏதோ வரும், குலுக்கினால் சத்தமும் கேட்கும். எண் காட்டும் வசதி இல்லாத 200 அழுத்தக் குப்பி, நாளுக்கு நான்கு வீதம் 50 நாள் வரும். அந்தத் தேதியைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் யாராவது குறித்து வைக்க வேண்டும்.