பழைய வேலை

திருமயம் வட்டத்தில் ஓர் ஊர். பல வருஷம் பூட்டிக் கிடந்த நகரத்தார் வீடு ஒன்றைப் பழுதுபார்த்து, பின்னால் இருந்த காலி மனையில் புதுக் கட்டடம் ஒன்றும் எழுப்பி, இரண்டையும் சேர்த்து நூலகமாக்கத் திட்டம். கட்டடக் கலைஞர் ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்குத் திட்டக் குறிப்பு எழுதியிருந்தார். ஆகஸ்ட் 15 கிராம சபையில் வாசிக்க அதன் தமிழ் வேண்டும் என்றார்கள். என் கைக்கு வந்தபோது ஏற்கெனவே ஒருவர் செய்த தமிழும் கூடவே வந்தது. அதில் ஒரு வரி: “நிறையாக்கம் நிலவும் துணியை மதித்துப் படிப்படியாக இறங்குகிறது.”

சிரிக்கலாம். ஆனால் அவர் அகராதிக்குத் துரோகம் செய்யவில்லை. மாஸ் என்றால் நிறை, ஃபேப்ரிக் என்றால் துணி. நான் அதைத் திருத்தினேன்: “கட்டடத்தின் திரட்சி ஊரின் நெசவை மதித்துப் படிப்படியாகத் தாழ்கிறது.” வாசிக்க நன்றாக இருந்தது. கட்டடக் கலை மாணவர்கள் ஒப்புக்கொள்வார்கள், சிறுபத்திரிகையில் அச்சேறும். இரண்டில் எது மோசம் என்று இன்று கேட்டால், என்னுடையதுதான் என்பேன். முதல் வரியைக் கேட்டவர் துணியா, என்ன துணி என்று கேட்பார். என் வரியைக் கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

குறிப்பில் சிக்கவைத்த சொற்கள் மூன்று: ஃபேப்ரிக், திரெஷோல்ட், மாஸிங். ஃபேப்ரிக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், வினை அதில்தான் இருந்தது. குறிப்பில் அது பல முறை வந்தது, இரண்டு பொருளில். ஒன்று ஊரைப் பற்றியது: தெருக்கள் ஓடும் விதம், மனைகளின் அகலம், வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் முறை. இந்த இடத்தில் நெசவு பொருந்தவே செய்கிறது. புதுக்கோட்டை நகரையே பாருங்கள். 1878 முதல் 1894 வரை சமஸ்தான நிர்வாகத்தை நடத்திய சேஷையா சாஸ்திரி காலத்தில் ஒழுங்குபட்ட நேர்த் தெருக்கள் பாவும் ஊடையும் போல ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டிக்கொள்கின்றன. ராயவரம், கடியாபட்டி போன்ற ஊர்களில் வீடே ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. அங்கே தெரு பாவு என்றால் வீடு ஊடை. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் இந்தப் பொருளைச் சொல்லும் சொல் நெசவிலிருந்துதான் வருகிறது. ஆகவே ஊரைப் பற்றிய கட்டுரையில் ‘ஊர் நெசவு’ என்று எழுதுபவரோடு எனக்குச் சண்டையில்லை.

இரண்டாவது பொருள்தான் சிக்கல். பழைய கட்டடங்களைப் பேணும் துறையில் ஃபேப்ரிக் என்பது கலைச்சொல். 1979இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம் அதற்கு வரையறையே தருகிறது: ஓர் இடத்தின் பௌதிகப் பொருள் முழுவதும், பொருத்தப்பட்டவையும் உள்ளே இருக்கும் பொருள்களும் உட்பட. உருவகம் எதுவும் கிடையாது. செங்கல், பூச்சு, கதவு, கொண்டி, தரை ஓடு, எல்லாம்தான். “இருக்கும் ஃபேப்ரிக்கை இயன்றவரை காக்க வேண்டும்” என்று குறிப்பு சொன்னால், சுண்ணாம்புப் பூச்சையும் சேர்த்துக் காக்க வேண்டும் என்று அர்த்தம்.

நெசவு இங்கே உதவாது என்று தெரிந்ததும் ‘கட்டமைப்பு’ என்று போட்டேன். நம் அறிக்கைகளில் எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் சொல் அது. அனுப்புவதற்கு முன், அந்த வேலைக்கு வரவிருந்த வயதான மேஸ்திரியிடம் அந்தப் பத்தியைப் படித்துக் காட்டினேன். பட்டாலைத் தூணில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“கட்டமைப்புன்னா செவுரு, தூணு, உத்தரம். அதெல்லாம் நல்லாத்தான் சார் நிக்குது. பூச்சுதான் அங்கங்க வெடிச்சிருக்கு. மொத்தத்தையும் கொத்திட்டு சிமென்ட் அடிச்சிருவோம்.”

அவர் சொன்னதில் தவறே இல்லை. என் தமிழ் அவருக்கு அந்த அனுமதியைக் கொடுத்திருந்தது. செட்டிநாட்டுப் பூச்சு ஒரே அடியில் போட்டதல்ல. மணல் கலந்த சுண்ணாம்பு அடியில், அதன்மேல் மேலும் மேலும் நைசாக அரைத்த சுண்ணாம்பு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த மெல்லிய படலம், அதைக் கூழாங்கல்லால் தேய்த்து ஏற்றிய மெருகு. தொட்டால் சலவைக்கல் போல் குளிரும். அடியிலிருந்து செங்கல்லில் ஏறும் ஈரத்தை அந்தச் சுண்ணாம்பு வெளியே விடும், சிமென்ட் அவ்வளவு எளிதில் விடாது. மேலே சிமென்ட் போட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, சில வருஷத்தில் உப்புப் பூத்து, பூச்சு சுவரை விட்டு எழும்பும். விரல் முட்டியால் தட்டினால் பொக்கென்று கேட்கும். ஒரு சொல்லைக் ‘கட்டமைப்பு’ என்று பெயர்த்ததன் விலை அதுவாக இருந்திருக்கும்.

“பூச்சையும் விட்டுவைக்கணும் மேஸ்திரி, பொக்கு விட்ட இடத்தை மட்டும் சுண்ணாம்பாலேயே ஒட்டுப்போடணும்” என்றேன். “அப்படின்னா பழைய வேலையைத் தொடக்கூடாதுன்னு எழுதுங்க” என்றார்.

பழைய வேலை. கொத்தனார், தச்சர், ஓடு வேய்பவர் எல்லோரும் சொல்வது அதைத்தான்: “இது பழைய வேலை, இது பின்னாடி செஞ்ச வேலை.” வீடு வந்து ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்தபோது சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். லத்தீனில் ஃபாபர் என்றால் கைவினைஞர், ஃபாப்ரிக்கா என்றால் அவர் பட்டறை, அவர் செய்த வேலை. ஆங்கிலத்தில் அது முதலில் கட்டடத்தைத்தான் குறித்தது, துணி என்ற பொருள் நெடுங்காலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டது. நான் நெசவைத் துரத்திக்கொண்டு ஓட, அந்த மனிதர் தூணில் சாய்ந்தபடியே மூலப்பொருளைச் சொல்லிவிட்டார்.

அடுத்தது திரெஷோல்ட். குறிப்பில் மூன்று இடத்தில் வந்தது, வரைபடத்தை விரித்துப் பார்த்தால் மூன்றும் மூன்று வேறு இடம். தெருவிலிருந்து ஏறும் படியும் மர நிலையும் ஒன்று. திண்ணையும் முகப்பும் சேர்ந்த பகுதி இன்னொன்று. பழைய வீட்டுக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவே கூரையில்லாமல் விட்ட நாலடி இடைவெளி மூன்றாவது. வரைபடம் பார்க்காமல் இந்தச் சொல்லை மொழிபெயர்க்கவே கூடாது என்பது என் முதல் முடிவு. ‘நுழைவெல்லை’, ‘வாயிலெல்லை’ எல்லாம் வரைபடம் பார்க்காத சொற்கள். எல்லை என்பது ஒரு கோடு. திண்ணை கோடல்ல, அதில் ஆள் உட்கார்வார்.

நிலைப்படி, திண்ணை, நடை என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் துல்லியம் கிடைக்கும். ஆனால் ஒன்று போய்விடும். ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று முறை ஒலிப்பதால், மூன்று இடமும் ஒரே எண்ணத்தின் மூன்று வடிவம் என்று வாசகருக்குத் தெரிகிறது. தமிழில் அந்தச் சரடு அறுந்துவிடும். சரடுக்காக இடைகழியை நினைத்தேன். மழை இரவில் முதலாழ்வார் மூவர் நெருக்கி நின்ற திருக்கோவலூர் இடைகழி. அந்தப் பெருமாளுக்கு வடமொழியில் தேகளீசன் என்று பெயர், தேகளி என்றால் வாசற்படி. இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்? கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளலாம். கிராம சபைக்கு அல்ல. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் இடைகழியைத் தினமும் புழங்குபவர் ஒருவரும் இல்லை.

புழக்கத்தில் இருப்பது வாசல். நாம் அதைத் திறப்புக்கு மட்டும் சொல்வதில்லை. வாசல் தெளிக்கிறோம், வாசலில் கோலம் போடுகிறோம், “அப்பா வாசல்ல உக்காந்திருக்காங்க” என்கிறோம். கதவுச் சட்டத்துக்குள் யார் உட்காருவார்கள்? திறப்பும் அதன் முன்னால் இருக்கும் இடமும் சேர்ந்ததுதான் வாசல், திரெஷோல்ட்டில் கட்டடக் கலைஞர் தேடுவதும் அதுவே. தெருவாசல், திண்ணை வாசல், நூலக வாசல் என்று எழுதினேன், சரடு திரும்பிவந்தது. மூன்று சொற்களில் இது ஒன்றில் மட்டும் தமிழ் ஆங்கிலத்தைவிட ஒரு படி மேலே நிற்கிறது என்று தயங்காமல் சொல்வேன்.

மாஸிங் அப்படி இல்லை. கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். மூன்று விமானத்தில் இரண்டு நிற்க, மூன்றாவதன் அடிப்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிற்பம் எதுவும் கண்ணில் படுவதற்கு முன்பே, தூரத்திலிருந்து அந்த இரண்டும் நிமிர்ந்து நிற்பதும், பக்கத்தில் ஒன்று இல்லாமல் போன வெறுமையும் தெரிகிறதே, அதுதான் மாஸிங். ஸ்தபதி மரபில் அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி என்று உறுப்புக்கு உறுப்பு பெயர் உண்டு, அளவு உண்டு. அந்த முதல் பார்வையில் விழும் மொத்தத்துக்கு ஒரு பெயர் எனக்கு அங்கே கிடைக்கவில்லை. ஆகவே மாணவர்களுக்கு ஒரு சொல் ஆக்கித்தான் ஆக வேண்டும், அதற்கு ‘திரட்சி’யை ஏற்கிறேன். ஒரு குறையோடு: திரட்சி என்பது ஆகி முடிந்த நிலை. மாஸிங்கோ எதை உயர்த்துவது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்ற முடிவு.

அந்த முடிவைத்தான் ஊரார் தெரிந்துகொள்ள வேண்டும். எனவே சொல்லைக் கைவிட்டு, அது மறைத்து வைத்திருந்ததை எழுத உட்கார்ந்தேன். “புதுக் கட்டடம் தெருப்பக்கம் 11 அடி, உள்ளே தள்ளி 20 அடி. பழைய வீட்டின் ஓட்டு முகட்டை எங்கும் தாண்டாது.” எழுதியபின் சந்தேகம் வந்து கட்டடக் கலைஞருக்கு போன் செய்தேன். “எங்கும் என்று போடலாமா சார்?” கொஞ்சம் யோசித்தவர், “தண்ணித் தொட்டியைச் சேர்க்காமல்” என்றார். தொட்டி முகட்டுக்கு மேலே நாலடி நின்றது. ஆங்கில வாக்கியத்தில் ‘மதித்துத் தாழும் மாஸிங்’ அந்தத் தொட்டியை விழுங்கியிருந்தது, அவரே கவனிக்காதபடி. தொட்டியும் தமிழ்க் குறிப்பில் ஏறியது.

இதற்கு எதிராக நியாயமான வாதம் ஒன்று உண்டு. இப்படிச் சொல்லை அவிழ்த்து அவிழ்த்து எழுதினால் தமிழில் கலைச்சொல்லே வளராது, ஒவ்வொரு முறையும் கதை சொல்லிக்கொண்டிருப்போம் என்பார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று சொல்லை ஜோடி சேர்த்தால் என்ன ஆகும் என்பதை எதிர்த்திசையில் நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். தஞ்சாவூரில் பிறந்த ராம் ராஸ் எழுதி, அவர் மறைவுக்குப் பின் 1834இல் லண்டனில் வெளியான நூல், சிற்ப சாத்திரச் சொற்களை ஐரோப்பியருக்கு விளக்கிய முன்னோடி முயற்சி. பிரஸ்தரத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது கிரேக்கக் கோயிலின் தூண்மேல் வரிசைக்கான சொல். ஐரோப்பிய வாசகருக்கு உடனே பிடிபட்டது, உண்மைதான். ஆனால் சொல்லோடு கிரேக்கக் கோயிலின் கண்ணாடியும் சேர்ந்தே வந்தது. ஜோடிச் சொல் இந்த இரண்டு வேலையையும் எப்போதும் ஒருசேரச் செய்யும். கலைச்சொல் வேண்டாம் என்பதல்ல என் கட்சி. வகுப்பறைக்கும் போட்டி நடுவர்களுக்கும் திரட்சி, ஊர் நெசவு இருக்கட்டும். அந்த வீட்டில் வேலை செய்பவருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகும் தாளில் விரலால் சுட்டிக்காட்ட முடியாத சொல் ஒன்றும் இருக்கக் கூடாது.

குறிப்பு இரண்டு பக்கத்திலிருந்து மூன்றரைப் பக்கமானது. ஒப்பந்தத் தாளுக்கு மட்டும் வேறு வழி எடுத்தேன். அங்கே சொல் மாறிக்கொண்டே இருந்தால் பில் போடும்போது தகராறு வரும். முதல் பக்கத்திலேயே வரையறை எழுதினோம்: பழைய வேலை என்பது இந்த வீட்டில் இப்போது உள்ள செங்கல், சுண்ணாம்புப் பூச்சு, மரம், ஓடு, தரை, கதவு, கொண்டி அனைத்தும். மேஸ்திரி அதைக் கேட்டுவிட்டு, பின்கட்டில் 20 வருஷத்துக்கு முன் போட்ட மொசைக் தரையும் இதில் சேருமா என்று கேட்டார். அதற்கு இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருந்தது.