பதினெட்டு வியப்புக்குறிகள்

என் மாணவி ஒருத்தியின் கவிதை முதன்முறையாக ஒரு சிற்றிதழில் வந்தது. ஆசிரியருக்கு எழுதிய நன்றிச் செய்தியை, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினாள்.

"வணக்கம் மேடம்!!! என் கவிதை வந்திருக்கு!!! நம்பவே முடியல!! ரொம்ம்ம்ப சந்தோஷம்!!! அம்மாகிட்டயும் காட்டினேன்!!" இதன் பிறகு ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில், ஒரு நன்றி. அதற்கு நான்கு வியப்புக்குறிகள். கடைசியில், "தொந்தரவுக்கு மன்னிக்கவும்!"

ஏழு வாக்கியங்கள், பதினெட்டு வியப்புக்குறிகள். "ஓவரா இருக்கா மேடம்? கொஞ்சம் நிதானமாத் தெரியணும்," என்றாள். நான் குறிகளையெல்லாம் அழித்து முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நான் கோபமா இருக்கற மாதிரி இருக்கு மேடம்," என்றாள். அவள் சொன்னது சரி. "ரொம்ப சந்தோஷம்." என்று கைபேசித் திரையில் தனியாக நிற்கும் வாக்கியம், முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னதுபோல்தான் இருந்தது.

அந்தக் குறிகள் வெறும் ஆரவாரம் அல்ல. காரல் வாசலெஸ்கி 2006இல் வெளியிட்ட ஆய்வில், இணையவழி உரையாடல்களில் பெண்கள் இடும் வியப்புக்குறிகள் பெரும்பாலும் உணர்ச்சிக் கொந்தளிப்பைக் காட்டவில்லை, நட்பைக் காட்டுபவையாக இருக்கலாம் என்று கண்டார். என் மாணவியின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். மன்னிப்புக் கேட்பதில் என்ன வியப்பு? அந்தக் குறி ஒரு புன்னகை. 'என்னைத் தவறாக நினைத்துவிடாதீர்கள்' என்னும் கெஞ்சல். பெண்ணிடம் எப்போதும் இனிமையை எதிர்பார்த்துவிட்டு, அந்த இனிமையின் குறிகளைக் கண்டதும் முதிர்ச்சி இல்லை என்பது பழைய தந்திரம். ஆகவே குறியை அழிப்பது போதாது. அது சுமந்திருந்ததை ஒரு சொல்லிடம் ஒப்படைக்க வேண்டும்.

தமிழில் அதற்கு வழி உண்டு. நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. கத்த வேண்டுமானால் ஆங்கிலத்துக்குத் தாவுகிறோம், அல்லது 'ரொம்ம்ம்ப' என்று எழுத்தை நீட்டுகிறோம். ஆனால் 'நம்பவே' என்பதில் உள்ள ஏகாரம் ஏற்கெனவே அழுத்தம் தந்துவிட்டது. அதன்பின் இரண்டு வியப்புக்குறிகள் மிகை. 'உம்', 'தான்' ஆகியவையும் இந்த வேலையைச் செய்பவை.

அடுத்தது காரணம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், மருட்கை எனப்படும் வியப்பு பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஒவ்வொரு குறியையும் தொட்டு, 'இது எதிலிருந்து பிறந்தது?' என்று கேட்டோம். எதற்கு நம்ப முடியவில்லை? இரண்டு இதழ்களிலிருந்து திரும்பி வந்த கவிதை அது. எதற்கு அத்தனை பெரிய நன்றி? ஆசிரியர் கடைசி இரண்டு வரிகளை நீக்கியிருந்தார். அம்மா என்ன செய்தார்? இதற்குப் பதில் சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொண்டாள்.

அவள் அனுப்பியது இது:

"வணக்கம் மேடம். என் கவிதை வந்திருக்கிறது! இரண்டு முறை திரும்பி வந்த கவிதை என்பதால் நம்பவே முடியவில்லை. கடைசி இரண்டு வரிகளை நீங்கள் எடுத்த பிறகுதான் அது முடிய வேண்டிய இடத்தில் முடிந்திருக்கிறது. அதற்கு நன்றி. என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார்."

'ரொம்ப சந்தோஷம்' போய்விட்டது. அம்மாவின் விரல் அதைச் சொல்லிவிடுகிறது. மன்னிப்பும் போய்விட்டது. நன்றி சொல்வது தொந்தரவு அல்லவே. ஒரே ஒரு வியப்புக்குறியை மட்டும் விட மாட்டேன் என்றாள். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. தனித்து நின்றதால் கண்ணிலும் பட்டது.

இந்தத் திருத்தம் எல்லா இடத்துக்கும் ஆகாது. தோழிக்கு எழுதும்போது பதினெட்டும் இருக்கட்டும். அங்கே அது சிரிப்பொலி. அநீதியைச் சொல்லும் புகாரில் 'நிதானமாக எழுது' என்று யாராவது சொன்னால், அவர் குறியைத் திருத்துகிறாரா, கோபத்தையே அழிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கண்டறிவது எளிது. திருத்திய பிறகு வாக்கியத்தில் நடந்தது கூடுதலாகத் தெரிந்தால் அது திருத்தம். குறைவாகத் தெரிந்தால் அது வாயடைப்பு. அந்த முதல் முறை நான் செய்தது இரண்டாவதைத்தான்.