பிரிசர்வேட்டிவ் இல்லாத சொட்டு மருந்து: முனையை மறந்த வாதம்

கண் சொட்டு மருந்தில் கிருமி பெருகாமல் தடுக்கப் பெரும்பாலும் சேர்க்கப்படும் பிரிசர்வேட்டிவ் பென்சால்கோனியம் குளோரைடு. நாள்பட்ட பயன்பாட்டில் அதுவே கண்ணின் மேற்பரப்பைப் புண்படுத்துவதால், அது கலக்காத மருந்தே பாதுகாப்பானது என்ற பேச்சு இப்போது வலுத்திருக்கிறது. குளுக்கோமாவுக்கு ஆண்டுக்கணக்கில் பல மருந்துகள் விடுவோருக்கும் உலர்கண் உள்ளோருக்கும் இது பொருந்தும்.

விடும் முறையிலும் பெரிய சர்ச்சை இல்லை. ஒரு சொட்டின் அளவு 30 முதல் 50 மைக்ரோலிட்டர்; கீழ் இமைக்குள் தங்குவது சுமார் 30 மட்டுமே. இரண்டாம் சொட்டு கன்னத்தில்தான் வழியும். வேறு மருந்தை உடனே விட்டால் முதல் மருந்தை அது அடித்துச் சென்றுவிடும். ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். களிம்பு கடைசியில் வரும். விட்டபின் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்தினால், டிமோலால் போன்ற மருந்து இரத்தத்தில் கலந்து ஆஸ்துமாவைக் கிளப்புவதும் இதயத்துடிப்பைக் குறைப்பதும் தணியும்.

வாதம் சறுக்குவது குப்பியின் முனையில். முனை இமை மயிரில் பட்ட நிலையில் அழுத்திய விரல் தளர்ந்தால், சாதாரணக் குப்பி காற்றை உள்ளிழுக்கும்; முனையில் ஒட்டிய கண்ணீரும் கிருமியும் கூடவே போகும். பிரிசர்வேட்டிவ் இருந்தால் அவற்றில் பெரும்பகுதி அழியும். இல்லையென்றால் அடுத்த சொட்டோடு கண்ணுக்கே திரும்பும். மருந்து தெளிவாகத் தெரிவதால் மட்டும் கிருமி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

2022-23இல் அமெரிக்காவில், சென்னையை அடுத்த ஆலையில் தயாரான செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது; நால்வர் இறந்தனர், சிலர் பார்வை இழந்தனர். பலமுறை பயன்படுத்தும் குப்பியில் போதிய பிரிசர்வேட்டிவ் இல்லாததை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குறைகளில் ஒன்றாகச் சுட்டியது. கிருமி ஆலையிலிருந்து வந்ததா, கையிலிருந்து வந்ததா என்பது வேறு கேள்வி. உள்ளே போன கிருமியைத் தடுக்க அங்கே போதியது எதுவும் இல்லை என்பதுதான் இங்கு முக்கியம்.

வால்வு வைத்த புதுக் குப்பிகள் இதைத் தீர்த்துவிட்டன என்பார்கள். வால்வு, திரவம் திரும்பிப் போவதைத் தடுக்கும். வெளிமுனையில் ஒட்டிய அழுக்கைத் தடுக்காது. ஒருமுறைக்கான சிறு குப்பியும் மீதியைக் கொட்டினால்தான் பயன் தரும். சிக்கனம் கருதி அதை மூடி வைத்து மறுநாளும் விடுவோர், பிரிசர்வேட்டிவ் இல்லாத சாதாரணக் குப்பியைத்தான் கையாளுகிறார்கள்.

ஆகவே கையும் முனையும் முதலில் சரியாக வேண்டும். கை கழுவி, தலையைச் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, முனையை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தி ஒரே சொட்டு விட வேண்டும். கை நடுங்குவோர் படுத்துக்கொண்டு, மூடிய கண்ணின் மூக்கோர முனையில் சொட்டு விட்டுப் பிறகு கண்ணைத் திறக்கலாம். முனையைத் துடைக்கவோ கழுவவோ கூடாது. திறந்தபின் குறித்த நாள் கடந்தால் குப்பியை எறிய வேண்டும். வலி, சீழ், வெளிச்சக் கூச்சம் தோன்றினால் மருந்தை நிறுத்தி, குப்பியையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.