ஆறாம் அடுக்கு மறைத்துவிடும் பிழை

ஒரு மாணவர் கைப்பேசியில் பிடித்த எஸ்.டி.பி.எம். கணிதப் பயிற்சித்தாளின் படம் கைக்கு வந்தது. ஒரே பக்கம், ஆறு கேள்விகள். ஒவ்வொன்றிலும் ஒரு கலப்பெண்ணின் மட்டையும் வீச்சையும் காண வேண்டும். நம் பிள்ளைகள் மோடுலஸ், ஆர்கியுமெண்ட் என்று சொல்வார்களே, அவைதான். எண்களை நன்றாகத் தேர்ந்திருக்கிறார்கள், விடைகள் சுத்தமாக வருகின்றன. ஆனாலும் இதை அப்படியே வகுப்பில் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

தாளின் தலைப்பிலேயே கட்டம் போட்டு θ = tan⁻¹(y/x) என்று எழுதியிருக்கிறது. எடுத்துக்காட்டு 1 + √3 i. மட்டு 2, வீச்சு π/3. சரிதான். அடுத்து வரும் மூன்று கேள்விகளிலும் மெய்ப்பகுதி நேர் எண். கட்டத்தில் உள்ளதைக் கால்குலேட்டரில் தட்டினாலே விடை வந்துவிடும். மூன்றும் சரியாக வந்த பிறகு நான்காவதையும் பிள்ளைகள் அப்படித்தானே செய்வார்கள்?

நான்காவது கேள்வி z = −1 + √3 i. இங்கே y/x = −√3. கால்குலேட்டர் −π/3 என்று காட்டும். உடனே எழுதிவிடாமல் புள்ளியை வரைந்து பாருங்கள். இடப்பக்கம் 1, மேலே √3, ஆகவே இரண்டாம் கால்பகுதி. −π/3 காட்டும் திசையோ நான்காம் கால்பகுதியில், நேர் எதிரே, 1 − √3 i இருக்கும் பக்கம். கால்குலேட்டரைக் குறை சொல்ல முடியாது. இந்த இரண்டு எண்களுக்கும் y/x ஒன்றேதான். வகுத்த மாத்திரத்தில் கழித்தல் குறி மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது தொலைந்துபோகிறது. tan⁻¹ தரும் கோணமும் எப்போதும் −π/2-க்கும் π/2-க்கும் இடையில்தான் இருக்கும். இடப்பக்கத்தை அது பார்ப்பதே இல்லை. சரியான வீச்சு 2π/3.

என் பெரிய மனக்குறை இதே கேள்வியின் ஆ பிரிவில். அங்கே z⁶ கேட்கிறார்கள். சரியான வீச்சை ஆறால் பெருக்கினால் 4π, விடை 64. தவறான −π/3-ஐ ஆறால் பெருக்கினால் −2π, அப்போதும் விடை 64! இந்தப் பிழை எப்போதும் சரியாக π அளவுதான். இரட்டைப்படை அடுக்கு எடுத்தால் அது 2π-இன் மடங்காகி மறைந்துவிடும். அ பிரிவில் தவறு செய்த மாணவர், ஆ பிரிவு விடை ஒத்துப்போவதைப் பார்த்து, "அப்போ நான் செஞ்சது சரிதான்" என்று போய்விடுவார். கேள்வியில் 6-ஐ 3 ஆக்கிப் பாருங்கள். உண்மையில் z³ = 8, பெருக்கிப் பார்த்தாலே தெரியும். தவறான வீச்சு −8 தரும். ஓர் எண்ணை மாற்றினால் போதும், தாளே பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

பக்கத்தின் அடியில் சிறிதாக ஒரு குறிப்பு இருக்கிறது: x எதிர் எண்ணானால் π கூட்டுக. நான்காம் கேள்விக்கு இது பொருந்தும். ஐந்தாவது −√3 − i. கால்குலேட்டர் π/6 தரும், π கூட்டினால் 7π/6. திசை சரி, ஆனால் முதன்மை வீச்சு −π < θ ≤ π என்ற எல்லைக்குள் வர வேண்டும். 2π கழித்து −5π/6 என்று எழுதினால்தான் சரி. அதனால் குறிப்பை மனப்பாடம் செய்வதைவிடப் படம் வரைவது மேல். குறிகளை விட்டுவிட்டு அடிப்படைக் கோணம் π/6 காணுங்கள். புள்ளி மூன்றாம் கால்பகுதியில் இருப்பதால், நேர் x அச்சிலிருந்து கடிகாரத் திசையில் π − π/6 திரும்புகிறோம். கழித்தல் குறி தானாக வரும். கடைசிக் கேள்வி −2i. அதில் x = 0, கால்குலேட்டர் பிழை என்றே சொல்லும். படம் வரைந்தவருக்கு −π/2 கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தாளின் இடது ஓரம் மடிந்திருப்பதால் ஐந்தாம் கேள்வியின் முதல் கழித்தல் குறி நிழலில் போய்விட்டது. √3 − i என்றுதான் படிக்க முடிகிறது. அப்படிச் செய்தாலும் மட்டு 2 என்றே வரும், விடைப்பட்டியலோடு ஒத்தும் போகும். மட்டில் வர்க்கம் எடுப்பதால் குறி தப்பினாலும் அது காட்டிக்கொடுக்காது. வீச்சு மட்டும் −π/6 ஆகி, பட்டியலில் உள்ள −5π/6-உடன் முட்டும். இப்படி மட்டு ஒத்து வீச்சு மாறினால், கணக்கைத் திருப்பிச் செய்வதற்கு முன் கேள்வியின் குறிகளை மூலத்தாளில் பாருங்கள்.

மாணவர்கள் எழுதிய வீச்சைச் சோதிக்க அரை நிமிடம் போதும். மட்டை cos θ, sin θ இரண்டாலும் பெருக்கிப் பாருங்கள். நான்காம் கேள்விக்கு −π/3 போட்டால் 2 cos θ = 1. கேள்வியில் இருந்ததோ −1. இந்தத் தாளைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், −1 + √3 i, 1 − √3 i இரண்டையும் முதல் கேள்வியிலேயே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தலைப்பில் உள்ள கட்டத்தைப் பிறகு காட்டலாம்.