முதல் வரியில் ஊரும் வேலையும்

கூகுள் மேப்பில் ஒரு மின்வேலைக்காரர் தன்னைப் பற்றி எழுத 750 எழுத்துகள் வரை இடமுண்டு. தேடுகிறவரோ இருட்டிய வீட்டில், விழுந்த ட்ரிப் சுவிட்ச் மறுபடி நிமிராத பதற்றத்தில் போனைப் பார்க்கிறார். முதல் வரியைத் தாண்டுவாரா என்பதே சந்தேகம். “நீண்டகால அனுபவம், தரமான சேவை” என்று தொடங்கும் குறிப்பு அவருக்கு எதையும் சொல்வதில்லை, யாரும் எழுதக்கூடியது அது. “சாய்ந்தமருது முதல் மருதமுனை வரை வீட்டுக்கே வருவோம்: ட்ரிப் சுவிட்ச் விழுதல், வயரிங், தண்ணி மோட்டர்” என்ற வரியைப் பாருங்கள். வருவாரா, என் கோளாறு அவருக்குத் தெரியுமா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே மூச்சில் விடை. அடுத்த வரியில் “உப்புக்காற்றில் துருப்பிடித்த வெளிச்சுவர் பிளக், லைட் மாற்றுவோம்” என்றால், கடலோர வீடுகளை அறிந்த கை என்பது தெரிந்துவிடும். எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான்.

நட்சத்திரங்களைப் பார்த்துத்தானே கூப்பிடுகிறார்கள், குறிப்பை யார் படிக்கிறார்கள் என்பார்கள். உண்மைதான், நட்சத்திரம் முந்திக்கொள்ளும். ஆனால் நிந்தவூருக்கு வருவாரா, மோட்டர் பார்ப்பாரா என்பதை அது சொல்லாது. கல்முனையில் இருவர் நட்சத்திரத்தில் சமமாக நிற்கும்போது தேர்வு குறிப்பில்தான் நடக்கிறது. ஊர்ப் பெயர்களை அடுக்கினால் மேலே வரலாம் என்று கடைப் பெயரிலேயே அவற்றைச் சேர்ப்பது கூகுளின் விதிக்கு மாறானது, பதிவே முடக்கப்படலாம். போன் நம்பருக்கும் திறக்கும் நேரத்துக்கும் குறிப்புக்கு வெளியே தனி இடமுண்டு. ஜும்ஆவுக்காக மூடும் நேரத்தை அங்கே சரியாகப் போடுவது நல்லது.