ஸ்பாஞ்சு பந்தும் பின்சுவரும்

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். இரண்டு பேர் இரு முனையிலும் நின்று நிதானமாக அடித்துக்கொண்டால், ஒருவர் அடித்த பந்து மறுபடி அவரிடமே வந்து சேர மூன்று, நான்கு விநாடி ஆகும். அதே ஆளைச் சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி நிறுத்தி, அதே பந்தை அதே வேகத்தில் அடிக்கச் சொன்னால் ஏறத்தாழ ஒரு விநாடியில் பந்து திரும்பி வந்துவிடும். பழகிய ஆட்டக்காரருக்கு இது அருமையான பயிற்சி. ராக்கெட்டை முதன்முதலாகக் கையில் வாங்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு இது அநியாயம். ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோக அதற்கு நேரம் இருக்காது. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு மணிக்கட்டால் தட்டிவிடும். இரண்டு வாரம் இப்படியே போனால் அந்தத் தட்டுதான் அதன் ஃபோர்ஹேண்ட். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

சுவர் பறித்துக்கொள்ளும் அந்த நேரத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் ஸ்பாஞ்சு பந்தின் வேலை. வழக்கமான மஞ்சள் பந்து 56 கிராமுக்குக் குறையாது. விட்டம் ஆறரை செ.மீ.க்குச் சற்று மேல். சிறுவர்களுக்கான ஸ்பாஞ்சு பந்து 8 முதல் 9 செ.மீ. விட்டத்தில் 25 முதல் 43 கிராம்தான் இருக்கும். உருவம் பெரிது, எடை குறைவு. அதனால் காற்றே அதைப் பிடித்து நிறுத்துகிறது. சுவரில் பட்டபின் மிச்ச வேகத்திலும் பெரும்பங்கை இழந்துவிட்டுத் திரும்புகிறது. தரையில் குத்தி எழும்போதும் எட்டு வயதுக் குழந்தையின் இடுப்பைத் தாண்டுவதில்லை. மஞ்சள் பந்து அதே குழந்தையின் தோளுக்கு எகிறும். தோளுயரப் பந்தை அடிக்கக் குழந்தை ராக்கெட்டைத் தோசைக்கரண்டி பிடிப்பதுபோலத் திருப்பிப் பிடித்துக்கொள்ளும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2007இல் மெதுவான பந்துகளை வைத்து ஓர் இயக்கமே தொடங்கியதற்கும், 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தை விலக்கியதற்கும் பின்னால் இந்த நேரக் கணக்கும் உயரக் கணக்கும்தான் இருக்கின்றன.

ஆனால் எல்லா ஸ்பாஞ்சும் இதற்கு ஆகாது. பொம்மைக் கடையில் கிடைக்கும் மெத்தென்ற பந்து எழும்பாது. ராக்கெட்டில் பட்டதும் நசுங்கி, சுவரடியிலேயே விழுந்து கிடக்கும். வாங்கும்போதே சோதித்துவிடலாம். பெரியவர் ஒருவர் தம் தலை உயரத்திலிருந்து பந்தைச் சும்மா விட வேண்டும். முழங்காலுக்கு மேலே, இடுப்புக்குக் கீழே எழும்பினால் சரியான பந்து. நனைந்தால் ஸ்பாஞ்சு தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். பிழிந்து நிழலில் உலர்த்த வேண்டும். சொரசொரப்பான சுவர் அதைப் பிய்த்துத் தின்னும் என்பதால் பூசி மெழுகிய சுவரும் சிமெண்டுத் தரையும் வேண்டும். காற்றடிக்கும் நாளில் இந்தப் பந்தோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கொங்குப் பக்கத்துச் சிறு ஊர் ஒன்றில், பள்ளிக் கலையரங்கத்தின் பின்சுவரில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் கற்றுக்கொடுப்பதைப் பல மாலைகள் பார்த்திருக்கிறேன். அந்த ஊரில் டென்னிஸ் கோர்ட் கிடையாது. அவரிடம் சாக்பீஸ், ஒரு முழக்கோல், ஒரு பை நிறைய ஸ்பாஞ்சு பந்து. சுவரில் தரையிலிருந்து 91 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போடுவார். வலையின் நடுப்பகுதி அந்த உயரம்தான். அந்தக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே தொடங்கி ஒரு மீட்டர் உயரத்துக்குப் பெரிய கட்டம். குழந்தை அடிக்க வேண்டியது கட்டத்துக்குள். வலைக் கோட்டையே குறியாகக் கொடுத்தால் குழந்தைகள் பந்தைத் தட்டையாக அடிக்கப் பழகிவிடும். நிஜக் கோர்ட்டில் அந்தப் பந்தெல்லாம் வலையில் போய் மாட்டும். அந்த ஒரு சாண் இடைவெளியில் அவருடைய அனுபவம் முழுவதும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

முதல் பாடத்தில் குழந்தை சுவருக்கு 4 மீட்டர் தள்ளி, இடத்தோள் சுவரைப் பார்க்க, பக்கவாட்டில் நிற்கும். 23 அங்குல ராக்கெட். கைகுலுக்கும் வாக்கில் கைப்பிடியைப் பிடித்தால் போதும், உள்ளங்கையும் ராக்கெட்டின் முகமும் ஒரே திசையைப் பார்க்கும். இடக்கையை முன்னால் நீட்டிப் பந்தை விட வேண்டும். எறியக்கூடாது, தரையில் குத்தவும் கூடாது. விரலைத் திறந்தால் போதும். எழும்பி இறங்கும் பந்தைக் கீழிருந்து மேலாக அடித்து, ராக்கெட் இடத்தோளுக்கு மேலே போய் முடிய வேண்டும். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை அடிக்கக்கூடாது. ஒருமுறை தரையில் குத்தவிட்டு இடக்கையால் பிடிக்க வேண்டும். அடி, குத்து, பிடி, அவ்வளவுதான். குழந்தைகளுக்குத் தொடர்ந்து அடிக்கத்தான் ஆசை. அந்த ஆசையை அவர் ஒரு வாரமாவது தள்ளிப்போடுவார். பிடிப்பதற்காக நகர்கிற கால்தான் பின்னால் அடிப்பதற்காக நகரும். பந்து எங்கே குத்தும், எவ்வளவு எழும் என்ற கணக்கு கண்ணில் ஏறுவதும் இந்தப் பிடித்தலில்தான்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் மிகவும் ரசித்த பகுதி. பந்தின் ஒரு பக்கத்தை ஈரத்துணியால் லேசாக ஒற்றிக் கொடுப்பார். பந்து பட்ட இடத்தில் சுவரில் ஈரத்தடம் விழும். வெயில் சுவரில் அது காய்வதற்குள் படித்துவிடலாம். வலக்கைக் குழந்தைக்குத் தடம் கட்டத்துக்கு வலப்புறம் விழுந்தால் பந்தைத் தாமதமாக, உடம்புக்குப் பின்னால் சந்தித்திருக்கிறது. இடப்புறம் விழுந்தால் அவசரப்பட்டிருக்கிறது அல்லது கையை உடம்புக்குக் குறுக்கே இழுத்துவிட்டது. கட்டத்துக்கு மேலே போனால் ராக்கெட்டின் முகம் வானம் பார்த்திருக்கிறது. கோட்டுக்குக் கீழே விழுந்தால் முகம் கவிழ்ந்திருக்கும், அல்லது ராக்கெட் பந்துக்குக் கீழே போகாமல் மேலிருந்தே வந்திருக்கும்.

ஒரு சிறுமி அடித்ததெல்லாம் வலப்புறமே போய்க்கொண்டிருந்தது. அவர் அவளுடைய கையைத் தொட்டுத் திருத்தவில்லை.

"சுவத்துல என்ன இருக்குது, பாரு கண்ணு?"

"எல்லாம் அந்தப் பக்கமே போயிருக்குதுங்க சார்."

"அப்ப பந்து உன்னையத் தாண்டிப் போனப்புறம் அடிக்கிற. சரி, எங்க விடற அதை?"

அவள் பந்தை வயிற்றோரமாக விட்டுக்கொண்டிருந்தாள். இடக்கால் விரலுக்கு முன்னால், ராக்கெட்டின் தலை அளவுக்குத் தள்ளித் தரையில் ஒரு வட்டம் போட்டார். பந்து அந்த வட்டத்தில் விழ வேண்டும். ஐந்தாறு அடியிலேயே தடங்கள் கட்டத்துக்குள் வந்துவிட்டன. இதில் ஒரு சோதனையும் ஒளிந்திருக்கிறது. வட்டத்தில் சரியாக விட்ட பிறகும் பந்து வலப்புறமே போனால் கோளாறு நேரத்தில் இல்லை, பிடியில் இருக்கிறது. கைப்பிடி உள்ளங்கைக்குள் நழுவி முகம் வலப்புறம் திரும்பியிருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் "முன்னால அடி, முன்னால அடி" என்று கத்துகிற கோச்சுகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் தொடர்ந்து அடிக்க அனுமதி கிடைத்தது. இப்போது 5 மீட்டர் தூரம். பந்து இரண்டு குத்துவரை போகலாம். உடனே தடங்கள் மறுபடி வலப்பக்கம் நகர்ந்தன. விட்டு அடிக்கும்போது சரியாக இருந்தது, தொடர்ந்து அடிக்கும்போது ஏன் கெட்டது? நான் அவளுடைய ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அவளுடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து சுவரை விட்டு வரும்போது அவள் மார்பு சுவரைப் பார்த்தபடியே நிற்கிறாள். பந்து தரையில் குத்திய பிறகுதான் திரும்பத் தொடங்குகிறாள். அதற்குள் பாதி நேரம் போயாயிற்று. எனவே ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல், பந்து சுவரில் 'தொப்' என்று படும்போதெல்லாம் "திரும்பு" என்று வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். இடக்கை ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்திருக்க, இரண்டு தோளும் சேர்ந்து திரும்ப வேண்டும். பந்து தரையில் குத்தும்போது அவள் ஏற்கெனவே தயாராகக் காத்திருப்பாள். மூன்று நாளில் சத்தமாகச் சொல்வது முணுமுணுப்பாயிற்று. தடங்கள் கட்டத்துக்குத் திரும்பின.

டிமோதி கால்வே 1974இல் வெளியிட்ட டென்னிஸ் நூலில், பந்து தரையில் படும்போது ஒரு சொல், அடிக்கும்போது ஒரு சொல் என்று வாய்விட்டுச் சொல்லும் பயிற்சி உண்டு. மனத்தை அலையவிடாமல் பந்தோடு கட்டிவைப்பது அதன் நோக்கம். இந்த ஆசிரியருடைய சொல் ஒரு கட்டம் முன்னதாகவே வருகிறது. அதற்குச் சுவர்தான் காரணம். எதிராளி அடிக்கும் கணத்தை இங்கே சுவர் காதுக்குக் கேட்கிற மாதிரி அறிவிக்கிறது.

சுவர் சொல்லாத விஷயங்களும் உண்டு. கட்டத்துக்குள் பட்ட பந்து நிஜக் கோர்ட்டில் எல்லைக்கோட்டுக்குள் விழுந்திருக்குமா, வெளியே போயிருக்குமா என்று அதற்குத் தெரியாது. டாப்ஸ்பின்னோடு போகும் பந்து சுவரில் பட்டதும் சற்று மேலேறித் திரும்பும். அதில் மிஞ்சுகிற சுழற்சி, பந்து திரும்பி வரும் திசைக்குப் பின்சுழற்சியாகிவிடும். ஆகவே டாப்ஸ்பின் பந்து தரையில் குத்தி முன்னோக்கி எகிறுவதைச் சுவர்க் குழந்தை பார்த்தே இருக்காது. ஸ்பாஞ்சு பந்துக்கும் ஒரு குறை உண்டு. லேசான பந்து என்பதால் தளர்ந்த மணிக்கட்டையும் அது மன்னித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க அந்த ஆசிரியர் பையிலிருந்து பழைய டென்னிஸ் பந்து ஒன்றை எடுப்பார். தெருக் கிரிக்கெட்டில் அடிபட்டு, காற்றிறங்கிப்போன பந்து. அது அதிகம் எழும்பாது, எடை மட்டும் அப்படியே இருக்கும். நாலு அடி அடிக்கச் சொல்லி ராக்கெட்டின் தலையைப் பார்ப்பார். பந்து பட்டதும் தலை கையில் முறுக்கிக்கொண்டால் இன்னும் சில நாள் ஸ்பாஞ்சுதான்; ராக்கெட்டை நடுக் கழுத்துப் பக்கம் ஏற்றிப் பிடித்து, மெதுவாக, முழு வீச்சோடு.

சுவீடனின் சோடர்டால்யேவில் பியான் போர்க் சிறுவனாக வீட்டுக் கராஜ் கதவில் மணிக்கணக்கில் அடித்துப் பழகியதைச் சொல்லி, சுவர் ஒன்றே போதும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுவர் எந்த அடியையும் மறுக்காமல் திருப்பித் தரும், தவறான அடியையும்தான். தடத்தைப் படிக்க ஒரு கண் வேண்டும்.

ஒரு குத்தில் தொடர்ந்து பத்து அடி கட்டத்துக்குள் விழுந்துவிட்டால், அந்தக் குழந்தையைச் சுவரிலிருந்து பிரித்துவிடுவார். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே 80 செ.மீ. உயரத்தில் ஒரு கயிறு, பக்கத்துக்கு ஒரு குழந்தை, அதே ஸ்பாஞ்சு பந்து. அந்தச் சிறுமி கயிற்றுக்கு வந்த முதல் நாள் எல்லாப் பந்துக்கும் பிந்தினாள். கையும் பிடியும் நன்றாகத்தான் இருந்தன. அவளுடைய காது 'தொப்' என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தது. இங்கே சுவர் இல்லை, அந்தச் சத்தமும் இல்லை. ஆசிரியர் எதிரே நின்ற பையனுடைய ராக்கெட்டைக் காட்டி, பந்து அதில் படும்போது "திரும்பு" சொல்லச் சொன்னார். அவள் பந்திலிருந்து கண்ணை எடுத்து, முதல் தடவையாக எதிரே நிற்பவனின் ராக்கெட்டைப் பார்க்கத் தொடங்கினாள்.